செக்யூரிட்டி கொட்டேஷன்: ஆளுக்கு எவ்வளவு என்று கேட்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

அடுக்குமாடிச் சங்கங்கள் செக்யூரிட்டி ஏஜென்சிகளிடம் கொட்டேஷன் கேட்கும்போது "ஒரு ஆளுக்கு மாதம் எவ்வளவு?" என்றுதான் கேட்கின்றன. ஒருவர் 8 மணி நேர ஆளுக்கு விலை போடுவார், இன்னொருவர் 12 மணி நேர ஆளுக்கு. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வழியே இல்லை.

கேட்க வேண்டியது ஆட்களை அல்ல, காவல் இடங்களை. இரண்டு கேட், இரண்டிலும் 24 மணி நேரக் காவல் என்று வைத்துக்கொள்வோம். 8 மணி நேர ஷிப்ட் என்றால் வாரத்துக்கு 42 ஷிப்ட். ஒருவருக்கு வாரம் ஆறு நாள் வேலை, ஆக 7 பேர். வார விடுமுறைக்கு மாற்றாள் இதிலேயே அடக்கம். எண்ணிக்கையைச் சங்கமே கணக்கிட்டுப் படிவத்தில் எழுதித் தர வேண்டும்.

அடுத்து, சம்பளத்தைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்த்து உதாரணத்துக்கு 15,000 ரூபாய் என்றால், பி.எஃப். முதலாளி பங்கு நிர்வாகக் கட்டணத்தோடு 13 சதவீதம், 1,950 ரூபாய். இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், சுமார் 488. போனஸ் 8.33 சதவீதம், சுமார் 1,250. ஆளுக்கு 18,688 ரூபாய், ஏழு பேருக்கு ஏறத்தாழ 1,31,000. சீருடை, சர்வீஸ் சார்ஜ், ஜி.எஸ்.டி. இதற்கு மேல்.

இந்த நேரத்தில் ஒரு ஏஜென்சி "12 மணி நேரம், 5 பேர், ஆளுக்கு 21,000, மொத்தம் 1,05,000" என்று வரும். கமிட்டிக்கு ஆசை வரும். ஆனால் தினமும் 4 மணி நேர ஓவர்டைமுக்கு இரட்டிப்புச் சம்பளம் போட்டால், 26 நாளுக்கு ஓவர்டைம் மட்டுமே இன்னொரு 15,000 ஆகிறது. அந்த 21,000-க்குள் இது அடங்காது. காவலாளியின் பையிலிருந்து எடுத்துத்தான் இந்த மலிவு வருகிறது. இரவு இரண்டு மணிக்குக் கேட்டில் தூங்குகிறவரும், மாதத்துக்கு மாதம் மாறும் முகங்களும் அதன் விளைவே.

எனவே போட்டி சர்வீஸ் சார்ஜில் மட்டும் இருக்கட்டும். அதையும் 1 சதவீதம் என்று போடுபவரிடம், இரவு ரவுண்டு வரும் சூப்பர்வைசருக்குச் சம்பளம் எங்கிருந்து தருவீர்கள் என்று கேளுங்கள்.

மதிப்பெண் முறையை உறைகளைப் பிரிக்கும் முன்பே எழுதிக் கமிட்டியில் கையெழுத்திட வேண்டும். 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படியான தனியார் பாதுகாப்பு முகமை உரிமம் நடப்பில் இல்லையென்றால் விலை உறையைத் திறக்கவே கூடாது. மீதிக்கு எங்கள் பரிந்துரை: விலை 40, பி.எஃப்., இ.எஸ்.ஐ. பதிவேடுகள் 30, ஏஜென்சி காவல் காக்கும் இடத்தை நேரில் பார்த்ததற்கு 30. பதிவேடு என்றால் வெறும் சலான் போதாது. பி.எஃப். கட்டும்போது ஏஜென்சி மாதாமாதம் தாக்கல் செய்யும், ஆட்களின் பெயரோடு வரும் இ.சி.ஆர். பட்டியல் மூன்று மாதத்துக்கு வேண்டும். அந்த ஏஜென்சி காவல் காக்கும் வேறொரு குடியிருப்புக்கு இரவில் போய், கேட்டில் நிற்பவர் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

தேர்வானவரின் ஒப்பந்தத்திலும் இதே பட்டியலை மாத பில்லோடு இணைக்கச் சொல்லி எழுதுங்கள். ஏஜென்சி கட்டாமல் விட்ட பாக்கி முதன்மை முதலாளி என்ற வகையில் சங்கத்தின் தலையில் விழக்கூடும். ஏப்ரல் 1-ல் பஞ்சப்படி மாறும்போது அந்த உயர்வை மட்டும் கூட்டித் தருவதாகவும் ஒரு வரி சேர்த்துவிட்டால், ஆண்டு நடுவில் விலைப் பேரம் வராது.

இப்படிக்கு,
குடியிருப்போர் சங்கப் பராமரிப்புக் குழுவினர்,
சென்னை