ஸ்லரி நாறினால் தொழுவத்தைப் பார்

அன்புள்ள மாப்பிள்ளை,

கடிதம் கிடைத்தது. முழங்கால் தேவலை என்று எழுதியிருந்தாய், நிம்மதி. எனக்கு இப்போது இடுப்பு. போகட்டும்.

சாண எரிவாயுக் கலன் போட்டும் வெளியே வரும் ஸ்லரி நாறுகிறது, ஈ மொய்க்கிறது, தங்கச்சி திட்டுகிறாள் என்கிறாய். என் வீட்டிலும் முதல் வருஷம் இதே கூத்துதான். கலனைக் குறை சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசியில் குற்றவாளி நான்தான். தொழுவம் கழுவிய தண்ணீரையெல்லாம் அப்படியே கலப்புத் தொட்டிக்குத் திருப்பிவிட்டிருந்தேன்.

கணக்கைப் பார். 5 மாட்டுக்கு நாளைக்கு 50 கிலோ சாணம். அதற்குச் சமமாகத் தண்ணீர் விட்டால் ஏறக்குறைய 100 லிட்டர் கரைசல். கலனுக்குள் 4,000 லிட்டர் பிடிக்கும் என்றால், இன்று ஊற்றியது 40 நாள் உள்ளே கிடந்து வெந்து வெளியே வரும். கழுவுநீரும் சேர்ந்து 200 லிட்டரானால் 20 நாளிலேயே தள்ளிக்கொண்டு வந்துவிடும். பாதிகூடச் செரிக்காத சாணம் வெளியே வந்து புளிக்காமல் என்ன செய்யும்? நன்றாகச் செரித்த ஸ்லரியில் சாண வாடையே இருக்காது, ஈயும் அண்டாது. உன் வெளித்தொட்டியில் குமிழி விட்டுக்கொண்டே இருந்தால் வேலை உள்ளே முடியவில்லை என்று அர்த்தம். அடுப்புக்கு வரவேண்டிய வாயுவும் அங்கேதான் வீணாகிறது.

ஆகவே முதலில் சாணத்தை மண்வெட்டியால் வழித்து எடு, பிறகு தரையைக் கழுவு. அந்தத் தண்ணீருக்குத் தனி வாய்க்கால் வெட்டிப் புல்லுக்கு விட்டுவிடு. பினாயில் போட்டுக் கழுவிய தண்ணீர் ஒரு சொட்டுகூடக் கலனுக்குள் போகக்கூடாது. உள்ளே வேலை செய்கிற நுண்ணுயிர் செத்துவிடும். கரைக்கும்போது கட்டியைக் கையால் உடைத்து, வைக்கோல் துணுக்கைப் பொறுக்கிவிடு. இல்லையென்றால் அதெல்லாம் மேலே ஏடு கட்டிவிடும். அப்படிக் கட்டினாலும் உள்ளே எவனையும் இறக்கிவிடாதே, விஷவாயு ஆளைக் கொன்றுவிடும்.

வெளியே வந்த ஸ்லரிக்கு இரண்டு குழி வேண்டும். 2 மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழம் என்றால் ஒரு குழிக்கு 2,000 லிட்டர். வெறும் ஸ்லரியை ஊற்றினால் 20 நாளில் நிரம்பி, சேறாகத்தான் நிற்கும். நான் அடியில் ஒரு சாண் காய்ந்த சருகு பரப்பி, அது நனையும் அளவுக்கு மட்டும் ஊற்றி, மறுபடி சருகு போடுகிறேன். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் கசியலாம், ஒழுகக்கூடாது. ஒழுகினால் இன்னும் சருகு போட வேண்டும். ஒரு குழி நிறைந்ததும் அடுத்ததுக்கு மாறிவிடுவேன். முதல் குழியை நடுவில் ஒருமுறை புரட்டிவிட்டால் மூன்று மாதத்தில் உதிரியாக, மண்வாசனையோடு எரு கிடைக்கும்.

மேலே கீற்றுப் பந்தல் கட்டாயம் போடு. வெயிலில் காயவிட்டால் தழைச்சத்து ஆவியாகப் போய்விடும். மழைநீர் இறங்காதபடி சுற்றி வரப்பும் எடு. குழி கிணற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறதா? எழுதவில்லையே நீ. இருந்தால் அதைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

கழுவுநீரை நிறுத்தினாலும் உடனே வாடை போகாது. உள்ளே இருப்பது மாற ஒன்றரை மாதம் ஆகும். அதுவரை தங்கச்சியிடம் என் பெயரைச் சொல்லிச் சமாளி.

உன் பழைய தோழன்