பில்லிங் மெஷினுக்கு மென்பொருள் எழுதும் நண்பர்களுக்கு: காரைக்குடியிலிருந்து ஒரு திறந்த மடல்

வணக்கம். காரைக்குடியில் கடைகளின் கம்ப்யூட்டர், நெட் வேலைகளைப் பார்த்துக்கொடுப்பது என் தொழில். நெட் அறுந்தால் மறுபடி முயல மெஷின் எவ்வளவு நேரம் காக்கிறது என்பதில் உள்ள ஒரு தவறைப் பற்றி, மென்பொருளின் பேரைச் சொல்லாமல்தான் எழுதுகிறேன். இதே தவறு ஒன்றுக்கு மேற்பட்ட மென்பொருளில் இருப்பதால் எல்லோருமே படிப்பது நல்லது.

போன வாரம் ஒரு பலகாரக் கடையிலிருந்து ஆச்சி கூப்பிட்டார். கரண்ட் போய்த் திரும்பிவிட்டது, மோடத்தில் பச்சை விளக்கு எரிகிறது, போனில் நெட் வருகிறது, மெஷினில் மட்டும் ‘இணைப்பு இல்லை’. மனகோலமும் சீப்புச் சீடையும் கட்டி வாங்க வந்தவர்கள் வரிசையில் நிற்க, ஆச்சி துண்டுத்தாளில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். நான் போய் லாக்கைத் திறந்தபோது கடைசி வரி இது:

```
attempt 12 failed, next retry in 2048 s
```

நடந்தது இதுதான். மெஷினுக்குப் பேட்டரி உண்டு, மோடத்துக்கு இல்லை. கரண்ட் போன நொடியே மெஷின் முயலத் தொடங்கிவிட்டது. தோற்றதும் 1 நொடி காத்தது, பிறகு 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போனது. பதினொரு காத்திருப்புகளின் கூட்டுத்தொகை 2047 நொடி, அதாவது 34 நிமிடம் 7 நொடி. பன்னிரண்டாவது முயற்சி அப்போது நடந்து தோற்றது. மோடம் உயிர்பெற்றது 35ஆவது நிமிடத்தில். அடுத்த முயற்சியோ 68 நிமிடம் 15 நொடியில். நெட் கையில் இருந்தும் 33 நிமிடம் மெஷின் சும்மா உட்கார்ந்திருந்திருக்கும்.

இரட்டிப்பின் குணம் இது. அடுத்த காத்திருப்பு, அதுவரை காத்த மொத்தத்தைவிட எப்போதும் 1 நொடி கூட. எவ்வளவு நேரம் கோளாறு இருந்ததோ, கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் அதன் பிறகும் கடை முடங்கலாம். இதில் இன்னொரு மோசம், மெஷினை அணைத்துப் போட்டால் எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் போய் உடனே இணைந்துவிடும். ‘ரீஸ்டார்ட் பண்ணுங்க’ என்று உங்கள் உதவி மையம் சொல்வது பலிப்பதால், பிழை எங்கே என்று யாரும் தேடுவதில்லை.

இதற்கு முந்தைய பதிப்பில் ஐந்து முயற்சியோடு நின்றுவிடும்படி வைத்திருந்தீர்கள். ஐந்து முயற்சிக்கு நடுவே காத்திருப்பு நான்குதான், 1+2+4+8, மொத்தம் 15 நொடி. கரண்ட் வந்தபின் மோடம் எழுந்து இணையவே இங்கே இரண்டு மூன்று நிமிடம் ஆகும். முயற்சிகளை எண்ணினீர்கள், நேரத்தைக் கூட்டிப் பார்க்கவில்லை. புகார் வந்ததும் ஐந்தைப் பதின்மூன்றாக்கினீர்கள், காத்திருப்புக்கு உச்சவரம்பு வைக்கவில்லை.

60 நொடி உச்சவரம்பு வையுங்கள். 1, 2, 4, 8, 16, 32 என்று ஆறு காத்திருப்புக்கு 63 நொடி. ஏழாவது 64 ஆகவேண்டியது 60இல் நிற்கும், அதன் பிறகு எல்லாமே 60. ஆச்சி கடைக்கு இதே கணக்கைப் போட்டால், 35ஆவது நிமிடம் தாண்டி மூன்றாவது நொடியில் 41ஆவது முயற்சி நடந்து இணைந்திருக்கும். எந்த நாளிலும் நெட் வந்தபின் வீணாவது ஒரு நிமிடத்தைத் தாண்டாது.

41 முயற்சி சர்வருக்குச் சுமையாகாதா என்பீர்கள். சுமை எண்ணிக்கையில் இல்லை, ஒரே நேரத்தில் வந்து விழுவதில் இருக்கிறது. ஒரே லைனில் இருக்கும் கடைகளுக்கெல்லாம் கரண்ட் ஒரே நொடியில் போகிறது, எல்லா மெஷினும் ஒரே தாளத்தில் கதவைத் தட்டும். அதனால் காத்திருப்பைக் குலுக்கிப் போடுங்கள்:

```
wait = random.uniform(0, min(60, 2**n))
```

`n` பூஜ்யத்தில் தொடங்கும், ஒவ்வொரு காத்திருப்புக்குப் பிறகும் ஒன்று கூடும், இணைந்ததும் திரும்பப் பூஜ்யமாகும். ஆனால் குலுக்கல் சராசரிக் காத்திருப்பைப் பாதியாக்கிவிடும் என்பதை மறக்காதீர்கள். குலுக்காமல் 16 முயற்சி 603 நொடி தாங்கும், குலுக்கினால் சராசரியாகச் சுமார் 300 நொடிதான். ஆகவே எப்போது கைவிடுவது என்பதை முயற்சி எண்ணிக்கையால் முடிவு செய்யாதீர்கள், கடிகாரத்தால் முடிவு செய்யுங்கள். கார்டு போட்டு ஆள் நிற்கும்போது அரை நிமிடத்தில் கைவிட்டுச் சொல்லிவிடுங்கள். பின்னணியில் பில் அனுப்பும் வேலையைக் கைவிடவே வேண்டாம், நிமிடத்துக்கொருமுறை முயன்றுகொண்டே இருக்கட்டும்.

ஒவ்வொரு முயற்சிக்கும் உங்கள் காலவரம்பையும் நீங்களே எழுதுங்கள். மோடம் உயிரோடிருந்து சர்வர் பதில் தராவிட்டால், பழைய லினக்ஸ் கர்னலின் இயல்பு அமைப்பில் ஒரே ஒரு இணைப்பு முயற்சி தோற்கவே 127 நொடி ஆகும். அதுவும் உள்ளுக்குள் 1, 2, 4 என்று 64 வரை இரட்டித்துக் காக்கிறது. 10 நொடியில் வெட்டிவிட்டால் போதும்.

திருத்திய பதிப்பை அனுப்பும் முன் உங்கள் மேஜையில் ஒரு மெஷினை வைத்து மோடத்தின் பிளக்கைப் பிடுங்குங்கள். 35 நிமிடம் கழித்துச் சொருகி, பச்சை விளக்கு வந்ததிலிருந்து முதல் பில் வரும்வரை எத்தனை நொடி என்று குறித்து எனக்குச் சொல்லுங்கள்.