பூரியை அமர்த்துகிற நேரம்

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கி வைத்து நெடுநேரம் பார்த்தேன். தட்டில் ஆறு பூரி. ஒன்று முழுதாக எழும்பியிருக்கிறது. இரண்டு அப்பளம் மாதிரித் தட்டை. மற்ற மூன்றும் ஒரு பாதி எழும்பி, மறுபாதி படிந்து கிடக்கின்றன. "எண்ணெய் சரியில்லையோ அப்பா?" என்று கேட்டிருந்தாய். தட்டையாகிப் போன இரண்டுக்கும் எண்ணெய்தான் காரணம். அந்த மூன்று பாதிப் பூரிகளின் கதை வேறு. அவற்றின் மேல்தோல் வெளிறிப்போய், படிந்த இடத்தில் தடித்து இருக்கிறது, பார். நீ கரண்டியை வைக்கப் பிந்திவிட்டாய்.

வெள்ளவத்தைச் சைவக்கடையில் நான் பூரி போட்ட காலத்தில் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியை நீ மறந்துவிடுவாய்.

பூரி எதனால் எழும்புகிறது என்று முதலில் விளங்கிக்கொள். மாவுக்குள் இருக்கும் தண்ணீர் சூட்டில் ஆவியாகிறது. அதற்குள் மேலும் கீழும் மெல்லிய தோல் பிடித்திருந்தால் ஆவி வெளியே போக வழியில்லாமல் இரண்டு தோலையும் பிரித்துத் தூக்கும். இப்போது எண்ணெயில் மிதக்கும் பூரியை நினைத்துப் பார். அடிப்பக்கம் கொதிக்கும் எண்ணெயில் இருக்கிறது, மேல்பக்கம் காற்றில் இருக்கிறது. அடியில் தோல் பிடித்துவிட்டது, மேலே இன்னும் பச்சை மா. அமர்த்துவது அந்த மேல்பக்கத்தையும் எண்ணெய்க்குள் கொண்டுபோகத்தான்.

பூரியைத் தாச்சியின் ஓரத்தால் வழுக்கி விடு. அது அடியில் போய், இரண்டு மூன்று எண்ணுவதற்குள் மேலே வரும். வந்ததும் அதன் முகத்தைப் பார். சின்னச் சின்னக் கொப்புளம் இரண்டு மூன்று தெரியும். அதுதான் நேரம். துளைக் கரண்டியின் முதுகை நடுவில் வைத்து, மேலே எண்ணெய் மூடும் அளவுக்கு மெல்ல அமர்த்து. கன்றுக்குட்டியின் தலையைத் தடவுகிற பாரம் போதும். உடனே கரண்டியை ஓரங்களுக்கும் ஒரு சுற்றுக் கொண்டுபோ. கரண்டிக்கு அடியில் பூரி உன் கையைத் திருப்பித் தள்ளுவது தெரியும். தள்ளினதும் கையை எடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகும் அழுத்தினால் தோல் கிழியும், ஆவி போய்விடும், உள்ளே எண்ணெய் புகுந்துவிடும். எல்லாம் சேர்த்து மூன்று நான்கு விநாடி வேலை.

அது அடியில் கிடக்கும்போதே அவசரப்பட்டு அமர்த்தினால் இன்னும் தோல் பிடிக்காத மா கரண்டியில் ஒட்டிக் கிழியும். நீ செய்தது அதற்கு எதிர். "தானாக எழும்புகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்" என்றாயே, அந்த நேரத்தில் அடித்தோல் இறுகிவிட்டது, ஆவியும் தனக்கு இலேசான பக்கமாக ஒதுங்கிவிட்டது. பிறகு எவ்வளவு அமர்த்தினாலும் மறுபாதி பிரியாது.

எழும்பிய பிறகு ஒரே ஒரு தரம் திருப்பு. இன்னொரு பதினைந்து விநாடியில் பொன்னிறமாகும், எடுத்துவிடலாம்.

தட்டைப் பூரிக்கு வருகிறேன். உன் மின்சார அடுப்பு நம் காஸ் அடுப்பு மாதிரி இல்லை. கூட்டினால் உடனே கூடாது, குறைத்தாலும் உடனே குறையாது. நீ முதல் நான்கையும் அடுத்தடுத்துப் போட்டிருப்பாய், எண்ணெய் ஆறிப்போயிருக்கும். ஆறின எண்ணெயில் பூரி அடியிலேயே கிடந்து எண்ணெய் குடிக்கும், ஆவி மெதுவாகக் கசிந்து போய்விடும், கடைசியில் மொறுமொறுவென்று தட்டையாகும். எண்ணெய் சரியா என்று பார்க்க, உளுந்து அளவு மாவைக் கிள்ளிப் போடு. போட்டதும் நுரைத்துக்கொண்டு மேலே வர வேண்டும், ஆனால் உடனே சிவக்கக் கூடாது. சூட்டுமானி இருந்தால் 185 பாகை செல்சியஸை ஒட்டி இருக்கட்டும். புகை வந்தால் கூடிவிட்டது. அதில் பூரி எழும்பும், ஆனால் தோல் கருகி உள்ளே பச்சையாக இருக்கும், தட்டில் வைத்ததும் அமுங்கும். ஒவ்வொரு பூரிக்கும் நடுவில் அரை நிமிடம் பொறு. எண்ணெய் இரண்டு அங்குல ஆழமாவது வேண்டும், அதற்குக் குறைந்தால் அமர்த்த இடமில்லை. இங்கிருந்து கொண்டுபோன செக்குத் தேங்காய் எண்ணெயைப் பூரிக்கு எடுக்காதே, அது பூரிக்கு வேண்டிய சூட்டிலேயே புகையத் தொடங்கும். சூரியகாந்தி எண்ணெய் நல்லது.

இனி மா. முதல்நாள் இரவே குழைத்துப் பிரிட்ஜில் வைத்ததாகச் சொன்னாய். ரொட்டிக்கு அது சரி, பூரிக்கு வேண்டாம். இரவு முழுக்கக் கிடந்த மா இளகி ஒட்டத் தொடங்கும். ஒட்டினால் மா தூவித் தேய்ப்பாய். தூவின மா எண்ணெயில் உதிர்ந்து கருகி, அடுத்த பூரியெல்லாம் கறுப்புப் புள்ளியாக வரும். உன் படத்தில் அதுவும் இருக்கிறது.

இரண்டு கப் ஆட்டா மா, ஒரு மேசைக்கரண்டி ரவை, அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி எண்ணெய். தண்ணீர் அரைக் கப் விட்டுப் பிசறிவிட்டு, மிச்சத்தைக் கரண்டி கரண்டியாக விடு. ரொட்டிக்குக் குழைப்பதை விட இறுக்கமாக இருக்க வேண்டும், கை வலிக்கும்தான். கொழும்பில் காற்றே ஈரம், உன் குளிர்கால வீடோ காய்ந்து கிடக்கும், அதனால் உனக்குத் தண்ணீர் ஒரு கரண்டி கூடப் பிடிக்கலாம். பிறகு ஈரத்துணி போட்டு மூடி அரை மணித்தியாலம் வை. குழைத்த சூட்டோடு தேய்த்தால் மா ரப்பர் மாதிரிச் சுருங்கிக்கொண்டு வரும், நீ அமத்தித் தேய்ப்பாய், நடு மெலிந்து ஓரம் தடிக்கும். அப்படித் தேய்த்தது சீராக எழும்பாது. அரை மணித்தியாலத்தில் அந்த இழுப்பு அடங்கிவிடும். விரலால் அழுத்திப் பார், குழி மெதுவாக மேலே வந்தால் போதும்.

தேசிக்காய் அளவில் பதினைந்து உருண்டை வரும். பலகையில் மா தூவாமல் ஒரு சொட்டு எண்ணெய் தடவித் தேய். ஓரமும் நடுவும் ஒரே மொத்தமாக இருக்கட்டும், பரோட்டா மாதிரி மெல்லியதாக்க வேண்டாம். தேய்த்தவற்றையும் துணியால் மூடிவை. உன் வீட்டுக் காற்றில் மேல்தோல் காய்ந்தால் எண்ணெயில் வெடித்து, அந்த வெடிப்பால் ஆவி போய்விடும். நான் நாலு நாலாகத்தான் தேய்த்துப் போடுவேன்.

வருகிற ஞாயிறு செய்தால் படம் எடுக்கும்போது ஒன்றிரண்டைத் திருப்பிவைத்து அடிப்பக்கத்தையும் எடு. இரண்டு பக்கமும் ஒரே நிறமாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா