ஸ்வெட்டரைத் தராசில் வை

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீ காயப்போட்ட வெண்ணெய் நிற ஸ்வெட்டரின் முதுகில், அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரின் விலா எலும்புகளை அச்சு எடுத்ததுபோல நாலைந்து மேடுகள். அவற்றின் நடுவே மங்கலான மஞ்சள் பட்டை. மறுபடி துவைத்தால் போய்விடுமா என்று கேட்டிருக்கிறாய். மேடு போகும், மஞ்சள் போகாது. ஈரக் கம்பளி சூட்டில் எந்த வடிவில் காய்கிறதோ அதையே பிடித்துக்கொள்ளும். நனைத்துப் பரப்பிவிட்டால் அதை விட்டுவிடும். மஞ்சள் அப்படியல்ல. அது கறையே அல்ல, சூட்டில் இழையே நிறம் மாறியது. சோப்பு சரியாக அலசப்படாமல் இருந்தால் இன்னும் சீக்கிரம் மாறும். என் முதல் குளிர்காலத்தில் நானும் ஒரு ஸ்வெட்டரின் கையை இப்படித்தான் பழுக்க வைத்தேன். உன் அம்மா இன்றுவரை அதை மறக்கவில்லை.

ரேடியேட்டர் சூடாக இருக்கிறது, துணி ஈரமாக இருக்கிறது, ஒன்றின் மேல் ஒன்றைப் போட்டால் காரியம் முடிந்தது என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். ஆனால் தொடும் இடம் மொறமொறவென்று காய்ந்து கிடக்கும்போது அக்குளும் கைப்பட்டியும் சொதசொதவென்றே இருக்கும். பெயின்ட் உரிந்த பழைய ரேடியேட்டர் என்றால் துருக்கறை வேறு. அதோடு, துணி மூடியதும் சூடான காற்று மேலெழ வழியில்லாமல் போகிறது, அறை குளிர்ந்துவிடுகிறது. வெந்நீர் ஓடும் ரேடியேட்டரில் நடப்பது இது. மின்சார ஹீட்டராக இருந்தால் அதன் மேல் ஒரு கைக்குட்டைகூட வேண்டாம், தீப்பிடிக்கும்.

இனி அந்த ஸ்வெட்டரை எப்படிக் காயவைப்பது? முறுக்கிப் பிழியாதே. ஈரத்தில் கம்பளி பலம் குறைந்து எளிதில் இழுபடும். அதே காரணத்தால் கொடியில் தொங்கவிட்டாலும் தன் கனத்தாலேயே நீண்டுவிடும். பெரிய காய்ந்த துண்டை விரித்து, அதன்மேல் ஸ்வெட்டரைப் பரப்பி, பாயைப் போலச் சுருட்டி, சுருளின் மேல் முழங்காலால் அழுத்து. துண்டு நனைந்துவிடும். இன்னொரு துண்டில் மறுபடியும் அப்படியே செய். பிறகு வலைத்தட்டிலோ துணி காயவைக்கும் சட்டத்தின் கம்பிகளுக்கு மேல் போட்ட துண்டிலோ கிடையாகப் பரப்பி, கை, கழுத்து, விளிம்பு எல்லாவற்றையும் பழைய அளவுக்கு நீவிவிடு. அறையின் சூடு போதும். சில மணி நேரம் கழித்துப் புரட்டிப் போடு, அடியிலிருக்கும் துண்டையும் மாற்று.

காய்ந்ததா என்று கையால் பார்க்காதே. இதில்தான் கம்பளி எல்லோரையும் ஏமாற்றும். தன் எடையில் கால் பங்குக்கும் மேலான நீரை இழைக்குள் ஒளித்துவைத்துக்கொண்டு, தொட்டால் காய்ந்ததுபோலவே இருக்கும். அதனால் நான் சமையல் தராசை எடுத்துக்கொண்டேன். என் தடித்த ஸ்வெட்டர் துவைப்பதற்கு முன் 520 கிராம். வாஷிங் மெஷினின் மெதுவான சுழற்சி முடிந்து வந்தபோது 1,150. முதல் துண்டில் சுருட்டியபின் 890, இரண்டாவதில் 780. மறுநாள் காலை 640. அன்று இரவு 580. கைக்கு நன்றாகக் காய்ந்திருந்தது, மடித்து அலமாரியில் வைத்துவிடலாம் என்றே தோன்றியது. அந்த மிச்ச 60 கிராம்தான் அலமாரிக்குள் மக்கல் வாடையாக மாறும். மூன்றாம் நாள் காலை 525 ஆன பிறகே மடித்தேன். தராசு கையில் இல்லாவிட்டால் கன்னத்தில் ஒற்றிப் பார்; சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம்.

பருத்தியின் கதை வேறு. உன் துண்டு அப்பளம்போல நிற்கிறது என்று எழுதியிருந்தாய். சோப்பு அதிகம் போட்டாலும், தண்ணீரில் உப்பு மிகுந்தாலும் அப்படி ஆகும் என்பது உண்மைதான். ஆனால் முக்கியமான காரணம், அசையாமல் காய்வது. காய்ந்த பருத்தியிலும் கொஞ்சம் நீர் இழைகளுக்கு நடுவே தங்கி, பசைபோல ஒன்றோடொன்றை ஒட்டிவைக்கிறது. வெளியே காற்றில் ஆடும் துணியில் இந்தப் பிடிப்பு இறுகுவதற்குள் உடைந்துவிடும். அசைவில்லாத அறையிலோ ரேடியேட்டர் மேலோ அப்படியே இறுகிவிடும். ஆகவே போடுவதற்கு முன் நாலு முறை ஓங்கி உதறு. பாதி காய்ந்ததும் எடுத்து மறுபடி உதறு. முழுக்கக் காய்ந்தபின் இரு கையாலும் கசக்கு, விறைப்பு பெருமளவு தளரும். துணியை மென்மையாக்கும் திரவத்தைத் துண்டுக்கு நான் ஊற்றுவதில்லை; அது இழைமேல் படிந்து, துண்டு தண்ணீரை உறிஞ்சுவதைக் குறைத்துவிடும்.

இனி, அலமாரிக்குப் பின்னால் சுவரில் வந்ததாக நீ சொன்ன கரும்புள்ளிகள். துணியிலிருந்து போன நீர் எங்கே போயிற்று என்று நினைக்கிறாய்? நாலு கிலோ பருத்தித் துணி, நன்றாகச் சுழற்றிய பிறகும் ஏறக்குறைய இரண்டு லிட்டர் நீரோடு வருகிறது. உன் அறை மூன்றுக்கு நாலு மீட்டர், உயரம் இரண்டரை. மொத்தம் 30 கன மீட்டர் காற்று. 20 டிகிரியில் அந்தக் காற்று முழுவதும் சேர்ந்தே அரை லிட்டருக்குச் சற்று மேல்தான் நீராவியைத் தாங்கும். மீதி, குளிர்ந்த இடத்தைத் தேடிப் போகும்: ஜன்னல் கண்ணாடி, வெளிச்சுவரின் மூலை, காற்றே புகாத அலமாரிப் பின்புறம். சுவரில் தண்ணீர் வழியும்வரை பூஞ்சை காத்திருப்பதில்லை. அறையின் ஈரப்பதம் 60 சதவீதமாக இருந்தாலே, 15 டிகிரிக்குக் குளிர்ந்த சுவரை ஒட்டிய காற்றில் அது 80-ஐத் தாண்டிவிடும். பூஞ்சைக்கு அதுவே போதும்.

வெளியே பனி கொட்டும்போது ஜன்னலைத் திறந்தால் ஈரம்தானே உள்ளே வரும் என்று கேட்பாய். பூஜ்ய டிகிரிக் காற்று எவ்வளவு ஈரமாகத் தெரிந்தாலும், உன் அறையை நிரப்பும் அளவில் 150 கிராம் நீர்கூட இராது. உள்ளே 60 சதவீதத்தில் இருப்பது 310 கிராம். ஜன்னலை அகலத் திறந்து ஐந்து பத்து நிமிடத்தில் காற்று முழுவதும் மாறினால், ஒரு தடவைக்கு 160 கிராம் வெளியே போகிறது. நாள் முழுக்க விரற்கடை திறந்துவைப்பது வேண்டாம், ஜன்னலைச் சுற்றியுள்ள சுவர்தான் குளிரும். இரண்டு லிட்டருக்கு ஒரு டஜன் தடவை திறக்க வேண்டியிருக்கும் என்பதும் இந்தக் கணக்கில் தெரிகிறதல்லவா? அதனால்தான் பருத்தியை வாஷிங் மெஷினில் நிமிடத்துக்கு 800 சுற்றில் எடுக்காமல் 1,400-ல் சுழற்றச் சொல்கிறேன். அதிலேயே முக்கால் லிட்டர் வரை குறையும். ஒரே நாளில் எல்லாவற்றையும் துவைத்துக் குவிக்காதே. வெளியே குளிர் தணிந்து மழை பெய்யும் நாளில் ஜன்னல் அவ்வளவு உதவாது. அப்போது ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தைச் சட்டத்தின் அருகே வைத்து, அறைக் கதவைச் சாத்திவிடு.

படத்தில் உன் சட்டம் வெளிச்சுவரை ஒட்டி நிற்கிறது. அதை அறை நடுவுக்கு இழு. துணிகளுக்கு இடையே மூன்று விரல் இடைவெளி விடு. அலமாரியையும் சுவரிலிருந்து ஒரு சாண் நகர்த்து. ஸ்வெட்டரை இன்றே வெதுவெதுப்பான நீரில் நனைத்து, துண்டில் சுருட்டிப் பரப்பிவிடு. நாளைக் காலை எத்தனை கிராம் என்று எழுது.

அன்புடன்,
அப்பா