பிள்ளைகள் போனபின் சுருங்கும் சமையல்

ஆசிரியருக்கு,

பிள்ளைகள் வெளிநாடு சென்றபின் வரும் தனிமையைப் பற்றி எழுதுகிறவர்கள் மனத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எங்கள் வீட்டில் முதலில் மாறியது அடுப்படிதான். இரண்டு பேருக்கு எதற்கு இத்தனை வேலை என்று காய்கறி குறைந்தது. காலையில் சமைத்ததே இரவுக்கும் ஆனது. பசியில்லை என்று இரவுச் சாப்பாடும் சில நாள் நின்றுபோனது.

என் கணவரின் பெல்ட்டில் புதிதாக ஒரு துளை போட வேண்டி வந்தபோதுதான் எடை பார்த்தோம். ஓராண்டுக்குள் 60 கிலோ 56 ஆகியிருந்தது. மெலிய முயலாமலே 6 முதல் 12 மாதங்களில் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால், அதை வயதின் கணக்கில் எழுதிவிடக் கூடாது என்றார் மருத்துவர். சர்க்கரை, தைராய்டு, பல், மனச்சோர்வு என ஒவ்வொன்றாகப் பார்த்தார். நோய் எதுவும் இல்லை, சாப்பாடுதான் போதவில்லை. வயதான உடலில் கொழுப்போடு தசையும் கரைவதால் விழுந்து அடிபடும் ஆபத்து கூடுமாம்.

வீடியோ அழைப்பில் முகம்தான் தெரிகிறது, தொளதொளத்த சட்டை தெரிவதில்லை. 'சாப்பிட்டீர்களா?' என்று பிள்ளைகள் கேட்டால் எந்தப் பெற்றோரும் 'ஆயிற்று' என்றுதான் சொல்வோம். என்ன சாப்பிட்டீர்கள், இந்த மாதம் எடை எவ்வளவு என்று கேட்கட்டும்.

ஒரு வாசகி