இருபது நாள் இடைவெளி

அன்புள்ள நண்பனுக்கு,

கண்புரை அறுவைக்குப் பின் சில நாள் படிக்கக்கூடாது என்று மருத்துவர் தடுத்திருந்ததால், நீ அனுப்பிய உறையை நேற்றுதான் பிரிக்க முடிந்தது. இப்போது பார்வை நன்றாகத் தெரிகிறது. அந்தத் தெளிவில் முதலில் படித்தது உன் மகனுடைய கடன் அறிக்கையைத்தான். வேலைக்குச் சேர்ந்த நாள்முதல் ஒரு மாதம்கூடக் கிரெடிட் கார்டு பணத்தைக் கட்டத் தவறியதில்லை, வட்டியென்று ஒரு காசு கொடுத்ததில்லை, அப்படியிருந்தும் கிரெடிட் ஸ்கோர் ஏன் இவ்வளவு குறைவு என்று அவன் கேட்கிறானாமே. அவன் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் ஸ்கோரைக் கணக்கிடும் முறைக்கு அவன் பணம் கட்டுகிற நாள் தெரிவதில்லை. அதற்கு முந்தைய ஒரு நாள்தான் தெரிகிறது.

கடன் பிரிவில் அத்தனை ஆண்டுகள் இருந்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1989இல் அறிமுகமான ஃபைகோ என்ற முறை, எதற்கு எவ்வளவு எடை தருகிறது என்பதை வெளிப்படையாகவே சொல்கிறது. தவணைகளை நேரத்தில் கட்டிய வரலாற்றுக்கு 35 சதவீதம், இருக்கும் கடனின் அளவுக்கு 30, கணக்குகளின் வயதுக்கு 15, புதிதாகக் கடன் தேடுவதற்கும் பலவகைக் கடன்களைக் கையாளுவதற்கும் தலா 10. மற்ற முறைகளில் எண்கள் சற்று மாறலாம், ஆனால் பார்க்கும் விஷயங்கள் ஏறத்தாழ இவைதாம். சம்பளம் இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனி. ஆகவே சம்பள உயர்வு வந்தும் ஸ்கோர் அசையவில்லையே என்று அவன் வருந்த வேண்டியதில்லை.

அவன் சறுக்கியிருப்பது அந்த 30 சதவீதத்தில். அவன் முக்கியமாகப் பயன்படுத்தும் கார்டின் வரம்பு 50,000. சம்பளம் வந்த முதல் வாரத்திலேயே பெரிய செலவுகளையெல்லாம் அதில் போட்டுவிடுகிறான். எட்டாம் தேதி ஸ்டேட்மென்ட் உருவாகும்போது நிலுவை 42,000 என்று நிற்கிறது. கட்ட வேண்டிய கடைசி நாள் இருபத்தெட்டு. அவன் இருபத்தேழாம் தேதி முழுத் தொகையையும் கட்டிவிடுகிறான். வங்கியின் கண்ணில் அவன் நல்ல வாடிக்கையாளன். ஆனால் பல வங்கிகள் கடன் தகவல் நிறுவனத்துக்கு அனுப்புவது ஸ்டேட்மென்ட் அன்று இருந்த நிலுவையை. ஏறத்தாழ இருபது நாள் கழித்து அது முழுதாகத் தீர்ந்துபோனது அந்த எண்ணில் தெரியாது. 50,000இல் 42,000 என்றால் 84 சதவீதம். மாதந்தோறும் வரம்பின் விளிம்பில் நிற்கும் ஓர் ஆளைத்தான் ஸ்கோர் பார்க்கிறது.

இதற்கான மருந்து எளிது. ஐந்தாம் தேதியே, அதாவது பணம் போய்ச் சேர ஓரிரு நாள் இடம்விட்டு, 38,000ஐக் கட்டிவிடட்டும். எட்டாம் தேதி ஸ்டேட்மென்ட்டில் 4,000 மட்டும் நிற்கும். விகிதம் 8 சதவீதமாக இறங்கிவிடும். அந்த 4,000ஐ வழக்கம்போல் இருபத்தெட்டுக்குள் கட்டினால் போதும். செலவில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை, நாள் மட்டும்தான் மாறியது. ஆனால் ஒன்று: முதல் முறை செய்யும்போது இருபத்தேழாம் தேதி பழைய 42,000உம், அடுத்து வரும் ஐந்தாம் தேதி புதிய 38,000உம் பத்து நாளுக்குள் கையைவிட்டுப் போகும். அவ்வளவு கையிருப்பு இல்லையென்றால் இரண்டு மூன்று மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே தள்ளட்டும். இதற்காக வேறெங்கும் கடன் வாங்கிவிடக் கூடாது என்று சொல்லி வை.

நிலுவை வரம்பில் 30 சதவீதத்துக்குள் இருந்தால் போதும் என்று ஒரு பேச்சு உண்டு. அது கோடு போட்ட எல்லை அல்ல. குறையக் குறைய நல்லது என்பதே நடைமுறை. பழைய கணக்கீட்டு முறைகளில் இந்த விகிதத்துக்கு ஞாபகமே கிடையாது. இந்த மாதம் குறைந்தால் அடுத்த அறிக்கையிலேயே பலன் தெரியும். புதிதாக வந்திருக்கும் சில முறைகள் கடந்த இரண்டு ஆண்டுப் போக்கையும் பார்க்கின்றன என்பதால், கடன் கேட்கும் மாதத்தில் மட்டும் இதைச் செய்துவிட்டு மறந்துவிடக் கூடாது.

கல்லூரிக் காலத்தில் வாங்கிய, 20,000 வரம்புள்ள பழைய கார்டை அவன் திருப்பிக் கொடுத்துவிடப் போவதாக எழுதியிருக்கிறாய். தயவுசெய்து இப்போது வேண்டாம். இரண்டையும் சேர்த்து மொத்த வரம்பு 70,000. அந்தக் கணக்கில் அவனுடைய 42,000 என்பது 60 சதவீதம். பழையதை மூடினால் ஒரு காசு கூடுதலாகச் செலவழிக்காமலேயே மொத்த விகிதமும் 84க்கு ஏறிவிடும். அவனிடம் இருப்பதிலேயே வயது மூத்த கணக்கும் அதுதான். மாதம் ஒரு சிறிய கட்டணத்தை அதில் ஏற்றி, வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும்படி செய்துவிட்டால் உயிரோடு இருக்கும். ஆண்டுக் கட்டணம் உறுத்தினால், கட்டணமில்லாத வகைக்கு அதே கணக்கை மாற்றித் தரும்படி கேட்கலாம். பல வங்கிகள் செய்து தருகின்றன.

அந்த ஆண்டுக் கட்டணத்தை நான் சும்மா சொல்லவில்லை. பயன்படுத்தாமல் அலமாரியில் கிடந்த கார்டு ஒன்றில் என் பேரில் ஒரு சிறு தொகை ஏறியிருந்தது. பழைய கைபேசி எண்ணுக்குச் செய்தி போனது, நான் பார்க்கவில்லை. நாற்பத்துமூன்று நாள் கழித்துத் தெரிந்தபோது ‘தாமதம்’ என்று பதிவாகிவிட்டது. பொதுவாக 30 நாளைத் தாண்டினால் பதிவாகும், சில இடங்களில் அதற்கு முன்பே. மற்றவர்களுடைய தாமதங்களை ஆராய்ந்தே பிழைப்பு நடத்தியவனுக்கு இது தேவைதான் என்று என் மனைவி சொன்னாள். நான் எழுதிக் கேட்டும் அதை நீக்கவில்லை. நீக்காதது சரியும்கூட, ஏனென்றால் பதிவு உண்மை. தவறான பதிவாக இருந்தால் கடன் தகவல் நிறுவனத்திடமும் கடன் கொடுத்தவரிடமும் சான்றோடு முறையிட்டுத் திருத்திக்கொள்ளலாம். உண்மையான தாமதத்தைக் காசு வாங்கிக்கொண்டு அழித்துத் தருகிறேன் என்பவன் ஏமாற்றுகிறான். அதனால் இரண்டு கார்டுக்கும் குறைந்தபட்சத் தொகையாவது தானாகக் கழியும்படி அவன் ஏற்பாடு செய்துவிடட்டும். அது மறதிக்கு மட்டுமே காப்பு. மீதியைக் கட்டாவிட்டால் வட்டி ஓடத்தான் செய்யும்.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், ஒரே வாரத்தில் நான்கு நிறுவனங்கள் அவன் அறிக்கையைக் கேட்டுப் பெற்றதாக இருக்கிறது. முதல் இடத்தில் மறுத்ததும் பதறி வரிசையாக விண்ணப்பித்திருக்கிறான் போல. ஒவ்வொன்றும் சில புள்ளிகளைத்தான் குறைக்கும். ஃபைகோ முறையில் ஓர் ஆண்டுக்குப் பிறகு அவை கணக்கில் வருவதுமில்லை. ஆனாலும் அடுத்து பார்ப்பவருக்கு அது அவசரக்காரனின் வரிசையாகத் தோன்றும். தன் அறிக்கையைத் தானே எடுத்துப் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது, அதற்கு அவன் அஞ்ச வேண்டாம்.

இப்போதைக்குப் புது விண்ணப்பம் எதுவும் போடாமல், ஐந்தாம் தேதிக் கணக்கை மட்டும் தொடங்கச் சொல். இரண்டு ஸ்டேட்மென்ட் தாண்டியதும் அறிக்கையை மறுபடி எடுத்து எனக்கு அனுப்பு. நிலுவை என்ற இடத்தில் 4,000ஐ ஒட்டி ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு அனுப்பு. அங்கே இன்னும் பெரிய எண்ணே நின்றால், அவன் வங்கி ஸ்டேட்மென்ட் நாளில் அல்லாமல் வேறொரு நாளில் விவரம் அனுப்புகிறது என்று பொருள். வாடிக்கையாளர் சேவையில் அந்த நாளைக் கேட்டு எழுது, தேதியை அதற்கேற்ப மாற்றிக்கொள்வோம்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்