நான்கு ஸ்கிரீனுக்கும் ஒரே பால்காரர் வேண்டும்: பணத்தைத் திருப்பித் தருவது குறித்து

வணக்கம்.

இது என் ஐந்தாவது கடிதம். ஆப்பின் அறிமுக ஸ்கிரீன்களுக்கு AI-யில் படம் உருவாக்க நீங்கள் விற்கும் ஆன்போர்டிங் ப்ராம்ப்ட் பேக்கை மாதச் சந்தாவோடு சேர்த்து 2,499 ரூபாய்க்கு வாங்கினேன். "எல்லா ஸ்கிரீனிலும் ஒரே கதாபாத்திரம், ஒரே ஸ்டைல்" என்று விற்பனைப் பக்கத்தில் போட்டிருப்பது நீங்கள்தான். ஈரோட்டில் ஒரு பால் முன்பதிவு ஆப்புக்கு நான்கு படம் வேண்டியிருந்தது. நீங்கள் கொடுத்த ப்ராம்ப்ட் இது:

```
flat vector, thick even outline, plain background
only 4 colors: #1F5C4A #E0A526 #FFF6E0 #5A3A22
friendly milkman, round face, moustache
scene: [ACTION]
```

கடைசி வரியை மட்டும் மாற்று, படம் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்லும் சீட் எண்ணை மாற்றாதே என்றீர்கள். அப்படியே செய்தேன். முதல் படத்தில் மீசை வைத்த அண்ணன். இரண்டாவதில் மீசையே இல்லை, பத்து வயது குறைந்துவிட்டார். மூன்றாவதில் சட்டை நீலம். நான்கு நிறத்தில் நீலம் எங்கே இருக்கிறது? நான்காவதில் கோடே காணோம். கலர் பிக்கரை வைத்துப் பார்த்தால் மஞ்சள் ஒவ்வொரு படத்திலும் வேறு வேறு.

இதற்கு உங்கள் சப்போர்ட் ஆள் சொன்ன பதில்: "சார், உங்களுக்கு ப்ராம்ப்ட் எழுதத் தெரியல." அது உங்கள் ப்ராம்ப்ட் ஐயா! ஒரு எழுத்துகூட நான் தொடவில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. அதற்கு முந்தின வாரம் லீவு போட்டு, பஸ் ஏறி, கோயம்புத்தூரில் உங்கள் அலுவலகத்துக்கே வந்தேன். வாசலில் செக்யூரிட்டி, "எல்லாம் ஆன்லைன்தான்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். ஒரு நாள் போச்சு.

உண்மையைச் சொன்னது மூன்றாவதாகப் பேசிய பெண் ஒருவர்தான், அவருக்கு நன்றி. வரியை மாற்றினால் சீட் ஒன்றாக இருந்தாலும் ஆள் மாறிவிடுவார், சீட் தொடக்கப் புள்ளியை மட்டும்தான் பிடித்து வைக்கும் என்றார். # போட்டு எழுதிய ஹெக்ஸ் நிற எண்ணை AI மாடல் சரியாகப் புரிந்துகொள்ளாது, "கடுகு மஞ்சள்" என்று பெயர் சொன்னால் ஓரளவு நெருங்கி வரும், கடைசியில் நிறத்தை நாமே எடிட்டரில் மாற்ற வேண்டும். முகம் மாறாமல் இருக்க முதல் படத்தை ரெஃபரன்ஸாகக் கொடுக்க வேண்டுமாம். சரி, கொடுக்கலாம் என்று போனால் அந்த வசதி அடுத்த பிளானில்தான் இருக்கிறது! இதை விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டாமா?

வாடிக்கையாளர் படங்களைப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, நாலு பேர் பால் ஊத்துறாங்களா?" என்று கேட்டார். ஆறு வருடமாகச் சேர்த்த பெயர் அந்த ஒரு கேள்வியில் போய்விட்டது.

தயவுசெய்து 10 நாளுக்குள் பணத்தைத் திருப்பித் தாருங்கள், இல்லையென்றால் ரெஃபரன்ஸ் வசதியை என் கணக்கில் ஒரு மாதம் திறந்துவிடுங்கள். இரண்டும் நடக்காவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்வேன், அதற்குப் பிறகு நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன். நான்கு படங்களையும் உங்கள் விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் இணைத்திருக்கிறேன். அப்புறம், அந்த சப்போர்ட் ஆள் எனக்கு மறுபடி போன் செய்ய வேண்டாம்.

இப்படிக்கு,
ஈரோட்டிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்